தோம்பில் மவுத்து பதியப்படுவதில்லை



பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு வளவு எழுதிக் கொடுக்காமல் கலியாணம் நடப்பது எமது ஊர்களில் அரிது. அதனால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் காணி கைமாறிக்கொண்டே இருக்கிறது. வளவு வாங்கும்போது நாம் உறுதியைப் பார்க்கிறோம், வேலியைப் பார்க்கிறோம். காணிப் பதிவகத்தில் தோம்பு பார்ப்பதை மட்டும் நொத்தாரிசிடம் விட்டுவிடுகிறோம். "தோம்பு கிளியர்" என்று அவர் சொன்னால் போதும், அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

அந்த ஒரு சொல் போதாது என்பதே எமது கருத்து. தோம்பின் பிரதியைக் கையில் வாங்கி, குடும்பத்தில் ஒருவராவது வரி வரியாக வாசிக்க வேண்டும். (பெர்மிட், அளிப்புக் காணிகளுக்கு வேறு சட்டமும் வேறு பதிவேடும் உண்டு. இங்கே உறுதிக் காணியைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.)

பதிவான உறுதியில் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் குறிக்கப்பட்டிருக்கும். அதைக் கொடுத்துத்தான் பிரதி எடுக்கிறோம். பக்கத்தின் மேலே காணியின் பெயர், நான்கு எல்லை, விஸ்தீரணம் இருக்கும். கூடவே எந்தப் பழைய பக்கத்திலிருந்து வந்தது, எந்தப் புதிய பக்கத்துக்குப் போனது என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் குறிப்பு இருந்தால் அந்தப் பக்கங்களையும் எடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "கிளியர்" என்பது பாதி வாசிப்பு.

கீழே ஒவ்வொரு பதிவிலும் கொடுத்தவர் யார், பெற்றவர் யார், என்ன வகை உறுதி, உறுதி இலக்கமும் திகதியும், நொத்தாரிசின் பெயர், பதிந்த திகதி ஆகியவை இருக்கும். இதை வாசிக்க ஒரே ஒரு விதியை மனதில் வைத்தால் போதும். இன்று கொடுப்பவர், முந்திய ஒரு பதிவில் பெற்றவராக இருக்க வேண்டும். அந்தச் சங்கிலி எங்கே அறுகிறதோ அங்கே நின்று கேள்வி கேட்க வேண்டும்.

விளங்குவதற்காக ஒரு கற்பனைத் தோம்பை எடுப்போம். 40 பேர்ச் வளவு. ஐந்து பதிவுகள்.

1978: அறுதி விற்பனை. வாங்கியவர் வாப்பா.
1996: நன்கொடை. வாப்பா மூத்த மகளுக்குக் கிழக்குப் பக்கம் 20 பேர்ச் கொடுக்கிறார். தாய் தகப்பனின் சீவிய உரித்துக்கு உட்பட்டது.
2003: ஈடு. மீதி 20 பேர்ச்சை வாப்பா வங்கிக்கு ஈடு வைக்கிறார்.
2009: ஈட்டு விடுவிப்பு.
2019: அறுதி விற்பனை. மூத்த மகன் அந்த மீதி 20 பேர்ச்சையும் வெளியாள் ஒருவருக்கு விற்கிறார்.

முதல் நான்கு பதிவுகளிலும் சிக்கல் இல்லை. 1996ஆம் ஆண்டுப் பதிவில் சீவிய உரித்து என்று இருப்பதால், தாயும் தகப்பனும் இருக்கும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை அவர்களுடையது. மகளிடம் அதை வாங்குபவர் இதை அறிந்தே வாங்க வேண்டும். 2003 ஈட்டுக்கு 2009இல் விடுவிப்பு வந்திருக்கிறது. அது இல்லாவிட்டால், "காசு கட்டி முடிஞ்சுது" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கக் கூடாது.

ஐந்தாவது பதிவில்தான் சங்கிலி அறுகிறது. மூத்த மகன் விற்கிறார். ஆனால் அவர் பெற்றதாக மேலே ஒரு பதிவும் இல்லை. நடந்தது இதுதான்: 2012இல் வாப்பா மவுத்தாகிவிட்டார். தோம்பில் மவுத்து பதியப்படுவதில்லை. உறுதி, நீதிமன்றக் கட்டளை போன்ற ஆவணங்கள்தான் பதியப்படும். எனவே மனிதர் போய்ப் பல வருடமானாலும் தோம்பில் அவரே உரிமையாளராக இருப்பார். அவருடைய வாரிசுகளின் பெயர் அங்கே வராது.

ஆனால் சட்டப்படி அந்த 20 பேர்ச்சும் அவர் மவுத்தான அன்றே வாரிசுகளுக்குப் போய்விட்டது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், எமக்கு மார்க்கப் பங்கீட்டையே சட்டமாக்கியிருக்கிறது. உம்மா, இரண்டு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள் இருக்கிறார்கள் என்று வைப்போம். உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதி ஏழு பங்கில் ஆண்மக்களுக்கு இரண்டிரண்டு, பெண்மக்களுக்கு ஒவ்வொன்று. 20 பேர்ச்சில் உம்மாவுக்கும் ஒவ்வொரு மகளுக்கும் இரண்டரைப் பேர்ச். ஒவ்வொரு மகனுக்கும் 5 பேர்ச்.

அப்படியானால் மூத்த மகன் விற்கக் கூடியது பிரிக்கப்படாத 5 பேர்ச் மட்டுமே. வாங்கியவர் 20 பேர்ச்சுக்குக் காசு கொடுத்திருக்கிறார். உறுதியும் பதிவாகியிருக்கிறது. ஆனால் பதிவாளர் உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்பவர் அல்ல. உறுதியில் உள்ள குறையைப் பதிவு தீர்க்காது என்று ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவே சொல்கிறது. வாங்க முன்னர் அவர் அந்த இடத்தில் நின்று மரணச் சான்றிதழையும் வாரிசுகளின் முழு விபரத்தையும் கேட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும்.

இதில் நட்டம் வாங்கியவருக்கு மட்டுமல்ல. "ராத்தாவுக்கு வீடு கொடுத்தாச்சு, அவவுக்குப் பங்கில்லை" என்று எமது ஊர்களில் சாதாரணமாகச் சொல்கிறோம். இது மார்க்கத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை. வாப்பா உயிரோடு இருக்கையில் கொடுத்தது நன்கொடை. மவுத்தான பிறகு வருவது வாரிசுரிமை. ஒன்று மற்றதில் கழிபடாது. தனக்கு வேண்டாம் என்று ராத்தா தானாக எழுதிக் கொடுத்தால் அது வேறு விடயம்.

உம்மாவும் சகோதரிகளும் மானத்துக்காகப் பேசாமல் இருந்தால் காலம் அவர்களுக்கு எதிராக ஓடும். வாங்கியவர் முழுக் காணியையும் தனது என்று தடையில்லாமல் 10 வருடம் ஆண்டுவிட்டால், நீதிமன்றத்தில் ஆட்சியுரிமை கோர அவருக்கு வழி திறந்துவிடும்.

சீதன உறுதியை எழுதிவிட்டுப் பதியாமல் அலுமாரியில் வைப்பவர்களுக்கும் ஒரு சொல். அதே காணியைப் பிறகு ஒருவர் பெறுமதி கொடுத்து வாங்கி முதலில் பதிந்துவிட்டால், மோசடியோ கூட்டுச் சதியோ இருந்ததென்று நிரூபித்தால் தவிர, முந்தி எழுதிய உறுதி அதற்கு முன்னால் நிற்காது. இதுவும் அதே 7ஆம் பிரிவுதான்.

ஜனாஸா முடிந்து சில நாளில் குடும்பமாக உட்கார்ந்து "இது உனக்கு, அது எனக்கு" என்று பேசி முடிக்கிறோம். அந்தப் பேச்சு தோம்புக்குத் தெரியாது. எல்லா வாரிசும் கையெழுத்திட்ட பங்கீட்டு உறுதி எழுதிப் பதிந்தால்தான் சங்கிலி மீண்டும் பொருந்தும். கடன் தீர்த்தீர்களா, வஸிய்யத் உண்டா என்று ஜனாஸா வீட்டில் கேட்கும் பள்ளிவாசல் பெரியவர்கள், காணிப் பங்கீடு பதிவாகிவிட்டதா என்றும் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் பெரும்பாலும் காணாமல் போவது உம்மாவின் பங்கும் சகோதரிகளின் பங்கும்தான்.