கொடுப்பதை வாங்கிக்கொள் என்பது யாருக்கான அறிவுரை?

சென்னையில் சொந்த வீடு உள்ள மாணவருக்கு, இன்டர்ன்ஷிப்பில் கிடைக்கும் மாதம் 5,000 ரூபாய் கைச்செலவுக்கான பணம். புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரிலிருந்து கிளம்பும் பட்டதாரிக்கு அது தங்குமிடத்துக்கே பற்றாது. மீதியை நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மா கட்டுகிறார், அல்லது மகளிர் குழுக் கடன் கட்டுகிறது. அதாவது, நிறுவனம் மிச்சம் பிடிக்கும் பணத்தை ஊரில் உள்ள ஒரு குடும்பம் ஈடுகட்டுகிறது. ஈடுகட்ட முடியாத குடும்பத்துப் பிள்ளை ஒதுங்கிக்கொள்கிறது. யாரும் யாரையும் வெளியே நிறுத்தவில்லை, தொகையே நிறுத்திவிடுகிறது.

ஆனாலும் நாம் கேட்பதில்லை. கூலியை உயர்த்திக் கேட்டாலே திமிர் என்று பட்டம் கட்டிய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். கிடைத்ததே பெரிது என்ற பயம் வேலைக்கான கடிதம் கைக்கு வந்த பிறகும் போவதில்லை.

வழக்கறிஞர் தொழிலிலும் இதே கதைதான். சீனியரிடம் ஜூனியர் பணம் பேசக்கூடாது என்பது அங்கே மரபு. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த மரபைத் தொட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய் தரவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புமாறு தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. ஆனால் பரிந்துரையாக மட்டும். ஆகவே, ஜூனியர் வாய் திறந்து கேட்கவேண்டிய தேவை இன்னும் இருக்கிறது. கேட்பதற்கு ஓர் அளவுகோல் கிடைத்திருக்கிறது என்பதே மாற்றம்.

மற்ற துறைகளிலும் அளவுகோலைத் தேடுங்கள். முதலில் கடிதத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவான பயிற்சி என்றால் குறைந்தபட்சத் தொகையைச் சட்டமே சொல்கிறது. 2019இல் பட்டதாரிகளுக்கு அது 9,000 ரூபாய் ஆனது. வெறும் ‘இன்டர்ன்’ என்றால் அப்படிப்பட்ட தரைமட்டம் பொதுவாக இல்லை. அங்கே பேச்சுதான் வழி.

பேசுவதற்கான நேரம், கடிதம் வந்ததற்கும் சம்மதம் சொல்வதற்கும் இடைப்பட்ட சில நாட்கள். உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், நீங்கள் இன்னும் கையெழுத்திடவில்லை. சேர்ந்த பிறகு கேட்டால் ‘தெரிந்துதானே வந்தீர்கள்’ என்ற பதில் தயாராக இருக்கும்.

ஒரு கணக்கு போடுவோம். ஆறு மாத வேலை, மாதம் 5,000. சாப்பாட்டோடு விடுதிக்கு 8,000, பேருந்துக்கும் போனுக்கும் 1,500 என்றால் செலவு 9,500. மாதத்துக்கு 4,500 துண்டு விழுகிறது. ஆறு மாதத்தில் 27,000. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய அம்மா, என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. இந்தப் பணியில் சேர விரும்புகிறேன். வெளியூரிலிருந்து வந்து தங்குவதால் தங்குமிடம், உணவு, பயணத்துக்கு மாதம் சுமார் 9,500 ரூபாய் ஆகும். உதவித்தொகையை 10,000 ரூபாயாக மறுபரிசீலனை செய்ய இயலுமா? தொகையை மாற்ற இயலாவிட்டால், தங்குமிடம் தருவதோ வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பதோ உதவியாக இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் தங்கள் பதிலை அறிந்தால் என் முடிவைத் தெரிவிக்க வசதியாக இருக்கும்.”

ஆங்கிலத்தில் எழுதினாலும் வரிசை இதுதான்: நன்றி, விருப்பம், செலவு, ஒரே ஒரு எண், மாற்று வழி, நாள். எண் சொல்லாமல் ‘கொஞ்சம் கூட்டித் தரமுடியுமா’ என்றால் ஐநூறு ரூபாயோடு முடித்துவிடுவார்கள். ‘இல்லாவிட்டாலும் வருகிறேன்’ என்று சேர்த்தால் பதில் சொல்லும் தேவையே அவர்களுக்கு இல்லை. சாதியையோ வீட்டு வறுமையையோ விளக்கவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. விடுதி வாடகை எல்லோருக்கும் ஒன்றுதான். அதுவே போதுமான காரணம்.

பதில் மூன்று விதமாக வரலாம். உயர்த்தினால் திருத்திய கடிதம் கேளுங்கள். ‘மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்றால் எந்தத் தேதியில், எவ்வளவு என்று மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்வார்த்தை மேலாளர் மாறினால் காணாமல் போகும். அரசு நிறுவனங்களிலும் திட்ட நிதியில் நடக்கும் பணிகளிலும் தொகை பெரும்பாலும் முன்பே நிர்ணயமாகியிருக்கும். கடிதம் எழுதியவரால் அதை மாற்ற முடியாது. அங்கே விடுதி, பயணப்படி, வேலை நேரம் இவற்றைப் பேசுவதே பலன் தரும்.

மறுத்துவிட்டால்? அந்த 27,000 ரூபாயை வீட்டில் யார், எதை விற்று, எந்த வட்டிக்கு வாங்கித் தரவேண்டியிருக்கும் என்று பார்த்து முடிவெடுங்கள். கேட்டதற்காக ஒரு நிறுவனம் வாய்ப்பையே திரும்பப் பெறுவதும் நடக்கலாம். வேறு வாய்ப்பே இல்லாதவருக்கு அது உண்மையான இழப்பு. அவர் கேட்காமல் சேர்ந்தால் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. கேட்கும் நிலையில் இருப்பவர்கள் கேட்டால், அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு வருகிறவர் முன் வைக்கப்படும் எண் 5,000 ஆகவே இருக்காது.