‘புரிந்துகொள்வர்’ என்று எழுதினால் எதைப் பார்ப்பது?

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. பேச்சில் அப்படி எந்தக் கோடும் விழவில்லை. இவ்வெல்லை ஊர்களில் தமிழ் பயிலும் குழந்தையின் காதில் இரு மொழிகளும் நாள்தோறும் விழுகின்றன. அக்குழந்தைக்காக எழுதப்படும் பாட நோக்கத்தைப் பற்றியே இப்பதிவு.

மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடக்குறிப்பு ஒன்றை எண்ணிக்கொள்வோம். ‘மாணவர்கள் வினைமுற்றைப் புரிந்துகொள்வர்’ என்பது அதன் நோக்கம். பாடம் முடிந்தபின் ஒரு சிறுமி ‘அக்கா நேற்று வந்து’ என்று எழுதுகிறாள். அவள் புரிந்துகொண்டாளா? ‘இல்லை’ என்று ஆசிரியர் குறித்துவிடக்கூடும். ஆனால் யார் வந்தார், எப்போது வந்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மலையாளத்தில் ‘அவன் வந்நு, அவள் வந்நு, ஞான் வந்நு’ என எல்லா எழுவாய்க்கும் வினை ஒன்றே. இடமும் பாலும் காட்டும் விகுதி தமிழில் உண்டு, இன்றைய மலையாளத்தில் இல்லை. ‘வந்நு’ என்பதைத் தமிழ் எழுத்தில் ‘வந்து’ என்று அவள் எழுதியிருக்க வாய்ப்புண்டு. தமிழிலோ அது எச்சம். வாக்கியம் முற்றுப்பெறாமல் நிற்கிறது. அவளிடம் இல்லாதது விகுதி ஒன்றுதான். ‘புரிந்துகொள்வர்’ என்ற நோக்கம் அதை நமக்குக் காட்டவில்லை.

ராபர்ட் மேகர் 1962-இல் வெளியிட்ட நூலில் கற்பித்தல் நோக்கத்துக்கு மூன்று கூறுகளை வகுத்தார்: மாணவர் செய்யும் செயல், அதைச் செய்யும் சூழல், போதும் என்று கொள்ளத்தக்க அளவு. அவ்வழியில் மேற்கண்ட நோக்கத்தை இப்படித் திருத்தலாம்: ‘நான், அவன், அவள் என்னும் எழுவாய்கள் ஒவ்வொன்றும் இருமுறை வரும் ஆறு வாக்கியங்களைக் கொடுத்தால், விடைப் பட்டியல் இல்லாமல், ஒவ்வோர் எழுவாய்க்கும் இரு முறையும் பொருந்தும் இறந்தகால வினைமுற்றை எழுதுவர்.’

‘ஆறில் நான்கு சரி’ என்று ஏன் வைக்கவில்லை? அவ்வாறு வைத்தால், ‘அவள்’ வரும் இரண்டு இடங்களிலும் தவறுபவரும் தேறிவிடுவார். விடைப் பட்டியல் கொடுத்தால் ஊகமும் விடையாகிவிடும். தானே எழுதும்போது தவறுகூடப் பேசுகிறது. ஆறிலும் ‘வந்து’ என்றிருந்தால் மலையாள அமைப்பு தொடர்கிறது என்று கொள்ளலாம். ஆறிலும் ‘வந்தான்’ என்றிருந்தால் விகுதி வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது, வேறுபாடு தெரியவில்லை. இவ்விரு குழந்தைகளுக்கும் மறுநாள் நடத்தவேண்டிய பாடம் ஒன்றல்ல.

இந்நோக்கம் ஆசிரியருக்கு உரியது. குழந்தைக்குச் சொல்லும் வடிவம் வேறாக இருக்க வேண்டும்: ‘அவள் என்று தொடங்கினால் எப்படி முடிக்க வேண்டும் என்று இன்று நானே எழுதுவேன்.’ எழுவாய், விகுதி, வினைமுற்று ஆகிய சொற்கள் இங்கே தேவையில்லை.

வினைச்சொல்லைத் தேர்வதிலும் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ‘இப்பத்தியைப் படிப்பேன்’ என்று பலகையில் எழுதுகிறோம். தமிழில் ‘படி’ வாசித்தலையும் குறிக்கும், கற்றலையும் குறிக்கும். மலையாளத்தில் ‘படிக்குக’ என்றால் கற்பது. வாசிப்பதற்கு ‘வாயிக்குக’ என்ற சொல் தனியே உண்டு. ஆகவே ஒரு குழந்தை பத்தியை மனப்பாடம் செய்ய முற்பட்டால் பிழை அதனுடையது அன்று. ‘வாசிப்பேன்’ என்று எழுதினால் இந்த ஐயம் எழாது. எழுது, எண்ணு, வட்டமிடு போன்ற வினைகள் இருமொழிக்கும் பொது. அவற்றால் நோக்கத்தை அமைப்பது எளிது. குழந்தைக்கு விளங்கியதா என்றறிய ஒரே கேள்வி போதும்: ‘இன்று என்ன செய்யப்போகிறாய்?’ ‘பாடம் படிக்கப்போகிறேன்’ என்றால் நோக்கம் சென்றடையவில்லை. ‘அவள் வந்தாள்னு எழுதணும்’ என்றால் சென்றடைந்துவிட்டது.

கதையில் திளைப்பதையும் பாட்டை விரும்புவதையும் ஆறு வாக்கியங்களால் அளக்க இயலாது என்பர் சிலர். உண்மைதான். அவற்றுக்கு இவ்வடிவத்தை நான் பரிந்துரைக்கவில்லை. ஆனால் விகுதி போன்ற ஒன்றைக் கற்பித்துவிட்டு ‘புரிந்துகொள்வர்’ என்று எழுதும்போது, எதைப் பார்க்கப்போகிறோம் என்பதை நாமே முடிவுசெய்யாமல் விட்டுவிடுகிறோம். அதன் விலையைக் கொடுப்பது, வீட்டு மொழியின் இலக்கணத்தைப் பிசகாமல் பின்பற்றியும் ‘தமிழ் வராதவள்’ என்று பெயர் பெறும் அச்சிறுமிதான்.