அலுவலகத்தில் ஒரு கிணறு

பழங்கதையைப் புதுக்களத்திற்கு மாற்றுவோர் பலர், சிங்கத்தை மேலாளராகவும் முயலை எழுத்தராகவும் ஆக்கிவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். அஃது ஆடை மாற்றமேயன்றிக் கதை மாற்றம் ஆகாது. கதையைத் தாங்கும் தூண் எதுவென அறிந்து, அதனை அசைக்காது பிறவற்றை மாற்றுதலே முறையாகும்.

பஞ்சதந்திரத்தின் முதற்பகுதியில் வரும் சிங்கமும் முயலும் கதையைக் காண்போம். காட்டரசனாகிய சிங்கத்திற்கு நாள்தோறும் ஒரு விலங்கு இரையாகச் செல்வதென்று உடன்படிக்கை ஏற்பட்டது. தன் முறை வந்தபோது முயல் காலந்தாழ்த்திச் சென்றது. வழியில் வேறொரு சிங்கம் மறித்ததாகக் கூறி, அரசனைக் கிணற்றுக்கு அழைத்துச் சென்றது. நீரில் தன் உருவத்தைக் கண்ட சிங்கம், பகைவனென்று கருதிப் பாய்ந்து மாண்டது.

இக்கதையின் தூண் கிணறே. முயல் வழி காட்டியதேயன்றிக் கொல்லவில்லை. சிங்கத்தின் செருக்கே அதனைக் கொன்றது. எனவே, அலுவலகத்திலும் ஒரு கிணறு வேண்டும்.

ஒரு மேலாளர் நாள்தோறும் எழுத்தர் ஒருவரை இரவு வரை இருத்தி வேலை வாங்குகிறார் என்று கொள்வோம். அஞ்சிய எழுத்தர்கள் தாமே முறைப்பட்டியல் வகுத்துக்கொள்கின்றனர், இதுவே உடன்படிக்கை. இளைய எழுத்தர் ஒருவர் தம் முறையன்று, கேட்ட கோப்பை மறுநாட் காலையில்தான் கொண்டுவருகிறார்.

"ஏன் இத்தனை தாமதம்?"

"மாலை ஐந்து மணிக்குப்பின் கோப்பறையைத் திறக்கலாகாது என்று ஓர் ஆணை இருக்கிறது, ஐயா."

"என் சொல்லுக்கு எதிராக ஆணையிட்டவன் எவன்?"

"ஆணை இக்கோப்பிலேயே இருக்கிறது, ஐயா. தாங்களே பார்க்கலாம்."

மேலாளர் பார்க்கவில்லை. அவ்வாணையிட்டவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்று தலைமை அலுவலகத்திற்குச் சினத்துடன் எழுதிக் கோப்பையும் உடன் அனுப்புகிறார். அங்கே அதனைப் பிரித்துப் பார்க்கின்றனர். ஆணையின் கீழ் இருப்பது அவர் முன்பு இட்ட கையொப்பமே!

கோப்பே இங்குக் கிணறு. அதனை நீக்கி, எழுத்தரின் சொல்வன்மையால் மட்டும் மேலாளர் வீழ்வதாக எழுதினால், அது வேறு கதையாகிவிடும்.

ஒன்றை மட்டும் மாற்றியே தீரவேண்டும். முயல் பொய் கூறியது. உயிருக்கு அஞ்சிய முயலின் பொய்யைக் கேட்போர் பொறுப்பர். எழுத்தர் பொய்யாணை ஒன்றைப் புனைந்தாலோ, குற்றம் அவருடையதாகும். படிப்போரின் இரக்கம் மேலாளர்பாற் சென்றுவிடும். ஆதலால் எழுத்தர் சொல்வனவெல்லாம் உண்மையாதல் வேண்டும்.

மூலநூலும் இதற்குத் துணை நிற்கிறது. அங்கு இக்கதையைக் கூறுவது, அரசனையும் அவன் நண்பனாகிய எருதையும் பிரிக்கச் சூழ்ச்சி செய்யும் தமனகன் என்னும் நரி. குற்றமற்ற அந்த எருது இறுதியில் மாண்டது. முயலின் அறிவு பலரைக் காத்தது. அதே அறிவு நரியிடம் கொலைக்கருவி ஆயிற்று. எழுத்தரை முயலாகப் படைக்கிறோமா, நரியாகப் படைக்கிறோமா என்பதைக் கதையை மாற்றுவோர் முதலில் தெளிதல் வேண்டும்.