கல்யாணத்துக்கு பிஎஃப் எடுப்பது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பெருங்களத்தூரில் ஞாயிறுதோறும் எங்கள் சங்கத்துக்கு பிஎஃப் சந்தேகங்களோடு வருபவர்கள் பெரும்பாலும் மெப்ஸிலும் மறைமலைநகரிலும் வேலை பார்ப்பவர்கள். "நம்ம பணத்த நாமே எடுக்கறோம், வட்டியா கட்டப்போறோம் சார்?" என்பார்கள். கட்டுகிறோம். அது மாதாமாதம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

32 வயது உறுப்பினர் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு 2 லட்சம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய 8.25 சதவீத வட்டியே தொடர்ந்தால், அந்த 2 லட்சம் அவரது 58 வயதில் சுமார் 15.7 லட்சமாகியிருக்கும். ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசி ஏறினாலும், அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 4.4 லட்சம். அதே தொகையை 50 வயதில் எடுத்திருந்தால், 58 வயதில் இழப்பு 15.7 லட்சத்துக்குப் பதில் 3.8 லட்சத்துக்குள் நின்றிருக்கும். எவ்வளவு எடுத்தோம் என்பதைவிட எந்த வயதில் எடுத்தோம் என்பதே பெரிய கேள்வி.

2025 அக்டோபர் 13 அன்று பிஎஃப் மத்திய அறங்காவலர் குழு விதிகளைத் தளர்த்த முடிவெடுத்தது. கல்யாணத்துக்கோ படிப்புக்கோ எடுக்க முன்பு 7 வருட உறுப்பினராக இருக்க வேண்டும். தன் பங்கில் பாதிதான் கிடைக்கும், அதுவும் மொத்தம் மூன்றே முறை. புதிய முடிவின்படி 12 மாதம் போதும், முதலாளி பங்கையும் சேர்த்து எடுக்கலாம். படிப்புக்கு 10 முறை, கல்யாணத்துக்கு 5 முறை. கணக்கில் 25 சதவீதம் மட்டும் இருக்க வேண்டும். அந்த 25 சதவீதத்தை வரவேற்கிறோம். ஒரு வருடச் சேமிப்பைக் கல்யாண மண்டப வாடகைக்குத் திறந்துவிடுவதை எதிர்க்கிறோம்.

மருத்துவத்துக்கு எடுப்பதைத் தடுக்கக் கூடாது. இஎஸ்ஐயும் முதலமைச்சர் காப்பீடும் கைகொடுக்காதபோது, கந்து வட்டிக்கு ஓடுவதைவிட பிஎஃப் எவ்வளவோ மேல். வீட்டுக்கடனை அடைக்க எடுப்பதிலும் பெரிய நஷ்டமில்லை, கடன் வட்டியும் பிஎஃப் வட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்வரை. ஆனால் மிச்சமாகும் இஎம்ஐ வேறெங்கோ செலவானால் அந்தக் கணக்கு உதைக்கும்.

எடுத்ததைத் திரும்ப வைக்க வழி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்து பிஎஃப்பில் சேர்க்கும் விபிஎஃப்தான் அது. மேலே சொன்னவர் மாதம் சுமார் 4,050 ரூபாய் வீதம் 5 வருடம் கட்டினால், பணமே எடுக்காதவரின் கணக்கு எங்கே நிற்குமோ அங்கே வந்துவிடுவார். வங்கியில் தனிநபர் கடன் வாங்கியிருந்தால் இதைவிட அதிகம் கட்ட வேண்டியிருக்கும். சிக்கல் என்னவென்றால், இதற்கு கம்பெனி எச்ஆரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். பல கம்பெனிகளில் ஏப்ரலில் மட்டும்தான் ஏற்கிறார்கள். அதற்குள் கல்யாணக் களைப்பு தீர்ந்து, எழுதிக் கொடுக்கும் எண்ணமும் போய்விடுகிறது.

ஆகவே பிஎஃப் நிறுவனத்திடம் நாங்கள் கேட்பது இரண்டு. படிவம் 31-ஐ ஆன்லைனில் சமர்ப்பிக்கும்போது, கேட்கும் தொகை 58 வயதில் எவ்வளவாகியிருக்கும் என்று அதே திரையில் காட்ட வேண்டும். பணம் கேட்கும் அன்றே, விரும்பினால், விபிஎஃப் பிடித்தத்துக்கும் அங்கேயே ஒப்புதல் தர வசதி வேண்டும்.