பச்சைப் புள்ளி இருந்தால் பிரெட் வீகன் ஆகிவிடுமா? பாக்கெட்டின் பின்பக்கம் சொல்வது என்ன?

பால், தயிர், நெய், முட்டை எதுவும் வேண்டாம் என்று வீகன் உணவுக்கு மாறுகிறவர்கள் காலை நேரத்தில் முதலில் தேடுவது பிரெட்டைத்தான். ‘கோதுமை மாவுல செஞ்சதுதானே, இதுல என்ன இருக்கப்போகுது?’ என்று நினைத்து, பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பாஸ்தாவுக்கும் இதே கணக்குதான். ஆனால் பச்சைப் புள்ளி சொல்வது ஒன்று, வீகன்கள் தேடுவது இன்னொன்று.

பச்சைப் புள்ளியின் அர்த்தம் என்ன?

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) விதிப்படி பச்சைப் புள்ளி என்றால் ‘சைவம்’. இறைச்சி, மீன், முட்டை, விலங்குக் கொழுப்பு ஆகியவை இருந்தால் அது அசைவம். பழுப்பு நிற அடையாளம் வரும். பாலும் பால் பொருட்களும் தேனும் இந்த அசைவப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டவை. எனவே வெண்ணெய் பிசைந்த பிரெட்டும், தேன் கலந்த ஓட்ஸ் பிரெட்டும் பச்சைப் புள்ளியோடு கடைக்கு வரலாம். அதில் விதிமீறல் எதுவும் இல்லை.

வீகன் உணவுக்கென்று தனி விதிமுறைகள் 2022-ல் வந்தன. விலங்கு சார்ந்த பொருள், சேர்க்கைப் பொருள்களிலும் தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் இருக்கக்கூடாது என்பது அதன் சாரம். இவற்றுக்கான லோகோவும் தனி: பச்சைக் கட்டத்துக்குள் ‘வி’ எழுத்தும் செடியும் இருக்கும். இந்த லோகோ இருந்தால் கேள்வி முடிந்தது. ஆனால் சாதாரண பிரெட் பாக்கெட்டுகளில் இதைப் பார்ப்பது அரிது. அப்போது பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு பிரெட் லேபிளைப் படிப்போம்

பிரெட்டுக்கு அடிப்படையில் நான்கு பொருட்கள் போதும்: மாவு, தண்ணீர், ஈஸ்ட், உப்பு. ஈஸ்ட் ஒரு பூஞ்சை வகை உயிரி; விலங்கு அல்ல. ஆகவே இந்த நான்கோடு நின்றால் அது வீகன் பிரெட்தான்.

தொழிற்சாலையில் தயாராகும் பிரெட் அங்கே நிற்பதில்லை. ஒரு லேபிள் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மைதா, தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட், தாவர எண்ணெய், உப்பு, மில்க் சாலிட்ஸ், எமல்சிஃபையர் (ஐஎன்எஸ் 471, 481), பிரிசர்வேட்டிவ் (ஐஎன்எஸ் 282). லேபிளில் பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் வரும். அதனால் பால் சார்ந்த பொருள் பெரும்பாலும் பட்டியலின் பின்பாதியில், நம்பர்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும்.

இதில் பலரையும் பயமுறுத்துவது அந்த நம்பர்கள்தான். 471 என்பது கொழுப்பு அமிலங்களிலிருந்து செய்யும் ஒரு பொருள். பிரெட்டை மெத்தென்று வைத்திருக்கும். 481-ன் பெயர் சோடியம் ஸ்டீரோயில் லாக்டிலேட். மாவுக்குப் பிடிமானம் தரும். பெயரில் ‘லாக்’ இருப்பதால் பால் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் இதற்கான லாக்டிக் அமிலம் பொதுவாகச் சர்க்கரையை நொதிக்க வைத்து எடுக்கப்படுவது. 282 என்பது பூஞ்சை பிடிக்காமல் தடுக்கும் கால்சியம் புரோபியோனேட். இதுவும் பிரச்சினை இல்லை.

471, 481 இரண்டிலும் உண்மையான கேள்வி, கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பது. பாமாயில், சோயா போன்றவற்றிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். இங்கேதான் பச்சைப் புள்ளி உதவுகிறது. விலங்குக் கொழுப்பு சேர்ந்தால் அந்தப் புள்ளியைப் போடவே முடியாது. ஆக, இந்த லேபிளில் பிரெட்டை வீகன் அல்லாததாக்குவது நம்பர்கள் அல்ல, ‘மில்க் சாலிட்ஸ்’ என்ற இரண்டே வார்த்தைதான். நிறமும் ருசியும் கூடுவதற்காகச் சேர்ப்பது அது. வே பவுடர், பட்டர், கேசீன், பால் பவுடர் என்று வேறு பெயர்களிலும் வரலாம்.

920: கோழி இறகிலிருந்து ஒரு மாவுப் பக்குவி

மாவைப் பக்குவப்படுத்தும் பொருட்களில் அதிகம் பேசப்படுவது எல்-சிஸ்டீன். இதன் எண் 920. பிசைந்த மாவு ரப்பர் மாதிரி இழுத்தால் சுருங்கிக்கொள்ளும். தொழிற்சாலை இயந்திரத்தில் பீட்சா பேஸும் பன்னும் வேகமாக விரிய வேண்டுமே. எல்-சிஸ்டீன் குளூட்டன் பிணைப்புகளைத் தளர்த்தி மாவை இளக்குகிறது. ஒரு கிலோ மாவுக்குச் சில பத்து மில்லிகிராம் போதும்.

இந்த அமினோ அமிலம் நீண்ட காலமாகக் கோழி, வாத்து இறகுகளிலிருந்தும் பன்றி முடியிலிருந்தும் எடுக்கப்பட்டு வருகிறது. நொதித்தல் முறையில் தயாராகும் வகையும் இப்போது உண்டு. இரண்டும் வேதியியல்படி ஒன்றே என்பதால், ரொட்டியைப் பார்த்தோ சாப்பிட்டோ வித்தியாசம் தெரியாது. வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே பச்சைப் புள்ளி கிடையாது; லேபிளில் பெயர் இருந்தாலும், எதிலிருந்து எடுத்தது என்று இருக்காது. அங்கே வீகன் முத்திரையைத் தேட வேண்டும், இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்க வேண்டும்.

பாஸ்தாவில் முட்டை எங்கே வருகிறது?

கடையில் விற்கும் உலர் பாஸ்தா பெரும்பாலும் டியூரம் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. பாஸ்தாவின் ஊரான இத்தாலியில் உலர் பாஸ்தாவுக்கு இதுவே சட்டம். ‘எக் பாஸ்தா’ என்று விற்க, ஒரு கிலோ ரவைக்கு ஓடு நீக்கிய 4 முட்டைகளாவது, அதாவது குறைந்தது 200 கிராம் சேர்க்க வேண்டும். அன்றன்றைக்குப் பிசையும் ஃப்ரெஷ் பாஸ்தாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். அதனால் ரெஸ்டாரன்ட்டில் ‘ஹோம்மேட் பாஸ்தா’ என்று எழுதியிருந்தால், கட்டாயம் கேட்க வேண்டும்.

நம் ஊரில் பாஸ்தாவை விட அதனுடன் வருவதுதான் சிக்கல். வொயிட் சாஸ் என்றால் பாலும் வெண்ணெயும். பெஸ்டோவில் சீஸ் இருக்கும். தக்காளி, பூண்டு, மிளகாய் சேர்ந்த அரபியாட்டா பாதுகாப்பானது. ஆனால் இறக்கும்போது ஒரு துண்டு வெண்ணெயோ, மேலே துருவிய சீஸோ போடுவதுண்டு. இன்ஸ்டன்ட் பாஸ்தாவில் மசாலா பாக்கெட்டின் பட்டியலையும் தனியாகப் படிக்க வேண்டும்; சீஸ் பவுடர் இருப்பது அங்கேதான்.

லேபிளே இல்லாத பேக்கரியில்?

தெருமுனை பேக்கரியில் பன்னுக்கு லேபிள் கிடையாது. பளபளவென்று பழுப்பேறிய மேற்பரப்பு, முட்டையோ பாலோ தடவியதன் அறிகுறியாக இருக்கலாம். ‘இது வெஜ்தானே?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்றுதான் பதில் வரும். முட்டை இல்லை என்பதே அதன் பொருள். அதற்குப் பதிலாக, ‘அண்ணே, மாவுல பாலோ வெண்ணெயோ போட்டீங்களா? மேல என்ன தடவினீங்க?’ என்று கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். பரோட்டாவுக்கும் இதே கேள்விதான். சில கடைகளில் மாவிலேயே முட்டையோ பாலோ சேர்க்கிறார்கள்.

அலர்ஜி உள்ளவர்களுக்கு இது போதுமா?

போதாது. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குச் சிறு துளியும் ஆபத்தாகலாம். பட்டியலில் பால் இல்லாவிட்டாலும், அதே இயந்திரத்தில் மில்க் பிரெட்டும் தயாராகலாம். ‘மே கன்டெய்ன் மில்க்’ என்ற வரி அந்த எச்சரிக்கைதான். கொள்கைக்காகப் பாலைத் தவிர்ப்பவர் அந்த பிரெட்டை வாங்கலாம். அலர்ஜி உள்ள குழந்தைக்கு வாங்குபவர் அதைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட வேண்டும், பாக்கெட்டில் வீகன் லோகோ இருந்தாலும்கூட.