திண்ணையும் தெருவும்

சென்ற 2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் இல்லத்தின் முன்பகுதியை இடித்துப் புதுக்குவதென்று தந்தையார் முடிவு செய்தனர். நாட்டோடு வேய்ந்த கூரை ஒழுகிற்று. கைம்மரங்களைக் கறையான் அரித்திருந்தது. ஆதலின் இடிப்பதில் எவர்க்கும் மாறுபாடு இல்லை. இடித்த இடத்தில் யாது கட்டுவது என்பதிலேதான் மாறுபாடு எழுந்தது. தந்தையார் காருக்கு இடமும், அதன் முன்னே முகப்பு முழுதும் இரும்புக் கம்பிக் கதவும் வேண்டினர். பாட்டியார் திண்ணை வேண்டும் என்றனர். யாம் பாட்டியார் கட்சி. அக்கட்சியின் வாதங்களை ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். எம் கட்சிக்குப் பாதகமான ஒன்றையும் இறுதியில் மறையாது உரைப்போம்.

திண்ணை வீட்டுக்காரருக்கு உரியது. எனினும் அதில் சிறிது அமர்ந்து எழுவதற்கு வீட்டுக்காரரின் அனுமதியைக் கேட்பவர் அரியர். இதுவே அதன் தனிச்சிறப்பு. முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் ஓர் இரவு மழைக்கு ஒதுங்கிய வரலாற்றைத் தமிழ் பயில்வோர் அறிவர். அவர்கள் ஒதுங்கியது திண்ணையன்று, இடைகழி. இன்று நாம் ரேழி என்பது. பின்வந்தவர் முன்வந்தவரிடம் உள்ளே இடமுண்டோ என்று வினவ வேண்டியிருந்தது. திண்ணையில் இவ்வினாவுக்கு இடமில்லை. இடமிருப்பது தெருவிலிருந்தே தெரியும். இல்லையெனின் அதுவும் தெரியும்.

இவ்வியல்பு திண்ணைக்கு எங்ஙனம் வாய்த்தது? பெரியோரின் விருந்தோம்பற் பண்பினால் என்று கூறி அமைவது எளிது. யாமோ அங்குல நாடாவை எடுத்துக்கொண்டு பழைய திண்ணையை அளந்தோம். காலூன்றும் குறட்டிலிருந்து அமரும் பரப்பு வரை 1½ அடி. இது நாற்காலியின் உயரமே. முதியோர் கைகொடுப்பாரின்றி எழுதற்கு ஏற்றது. ஆனால் குறடு தெருவினின்றும் மூன்றே அங்குலம் உயர்ந்திருந்தது. இஃது எமக்கு வியப்பைத் தந்தது. மூன்றங்குலக் குறட்டை எந்தக் கொத்தனாரும் வேண்டுமென்றே கட்டியிரார். அடித்தளம் தோண்டியபோது விடை கிடைத்தது. தார்ச்சாலைக்கும் கீழே 9 அங்குல ஆழத்தில் தேய்ந்த கற்படி ஒன்று புதைந்து கிடந்தது. தாம் மணமாகி வந்த நாளில் அப்படியில் மிதித்தே ஏறியதாகப் பாட்டியார் கூறினர்.

ஆகவே முதலில் குறடு தெருவுக்கு ஓரடி உயரம். அமரும் பரப்பு 2½ அடி உயரம். அமர்ந்திருப்பவரின் கண், அமரும் பரப்பிலிருந்து ஏறத்தாழ 2½ அடி உயரத்தில் இருக்கும். இரண்டையும் கூட்ட ஐந்தடியாகும். தெருவில் நடந்து செல்பவரின் கண்ணும் ஏறக்குறைய அவ்வுயரத்ததே. திண்ணையின் மருமம் இக்கூட்டலில் அடங்கியது என்பது எம் கருத்து. அமர்ந்தவர் அண்ணாந்து பாரார். நடப்பவர் குனிந்து பாரார். இருவர் கண்ணும் நேராகச் சந்திப்பதால், ஒரு சொல்லாவது சொல்லாமல் கடந்து செல்வது அரிதாகின்றது. தெருமட்டத்தில் நாற்காலி இட்டு அமர்ந்து பார்க்க. போவோர் வருவோரின் இடுப்பையும் கைப்பையையுமே காண்பீர்கள். மாடி முகப்பிலிருந்து பார்க்க, தலைகளையே காண்பீர்கள்.

இவ்வளவைக் கெடுத்தது வேறெதுவுமன்று, சாலையே. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது இட்டால் மட்டம் ஏறாது. எம் தெருவில் அவ்வாறு செய்திலர். பழையதன்மேலேயே ஒவ்வொரு முறையும் புதியது ஏறிற்று. படி மறைந்தது; பின்னர்க் குறடும் மறையத் தலைப்பட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருநீர் குறட்டின்மேல் ஏறி நிலைப்படியைத் தொட்டது. பல இல்லத்தார் திண்ணையை இடித்து அவ்விடத்தில் மதில் எழுப்பினமைக்குக் காரணம் மனம் சுருங்கியது மட்டுமன்று. தண்ணீருக்கு அஞ்சியும் எழுப்பினர். இக்கேடு நும் வீட்டிலும் நேர்ந்துளதா என்று அறிய வேண்டின், வாயிற்படிகளை எண்ணி, முதியோர் நினைவிலுள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க.

புதிய திண்ணைக்குக் குறட்டை 1½ அடியாக உயர்த்தினோம். ஆறங்குலமாக மூன்று ஏற்றம். பாட்டியாரின் முழங்கால் அதற்குமேல் இசையாது. அமரும் பரப்பு அதன்படி தெருவுக்கு மூன்றடி ஆயிற்று. கண்மட்டம் இப்போது அரையடி மிகை என்பதை அறிவோம். அவ்வரையடி, இனி வரும் சாலைக்கு யாம் முன்கூட்டியே செலுத்திய வரி.

அகலத்தைப் பற்றிச் சிறிது. அமர்வதற்கு மட்டுமாயின் ஒன்றரை அடி போதும். சம்மணமிடவும் பகலில் கண்ணயரவும் 2½ அடி வேண்டும். நீளம் 7½ அடி; ஒரு தலைமாட்டில் செங்கல்லால் சாய்வாகத் திண்டு கட்டினோம். விளிம்பைக் கூராக விடலாகாது, தொடையை அறுக்கும். அதனை உருட்டி, முன்சுவரைவிட இரண்டங்குலம் நீளவிட்டால் எழும்போது குதிகாலைப் பின்னிழுத்துக்கொள்ள இடம் கிடைக்கும். மேற்பரப்புக்குப் பளபளக்கும் கருங்கற் பலகை பதிக்கலாம் என்றார் சிலர். அது நனைந்தால் வழுக்கும். வெயில் பட்டால் சுடும். பழைய முறைப்படி காவி கலந்த சிமெண்டுப் பூச்சே இட்டோம்.

இதில் ஒரு பிழை நேர்ந்தது. சாரல் நீர் வழிந்தோடப் பரப்பு தெருப்பக்கம் அரையங்குலமேனும் சரிதல் வேண்டும். கொத்தனார் மட்டப்பலகை வைத்தே பூசினர். ஆயினும் சரிவு சுவர்ப்பக்கமாக அமைந்துவிட்டது. கண்ணுக்கு அது தெரியவில்லை. பாட்டியார் ஒரு செம்பு நீரை ஊற்றினர். நீர் சுவரை நோக்கிச் சென்று தேங்கிற்று. அவ்வாறே விட்டிருந்தால் அடுத்த மழைக்காலத்தில் சுவரடி ஊறிப் பூச்சு உரிந்திருக்கும். பூச்சு இறுகுமுன் கண்டதால் அன்றே சுரண்டி மீளப் பூசினர்.

எம் இல்லம் கிழக்கு நோக்கியது. ஆகவே பிற்பகலில் வீடே திண்ணைக்கு நிழல். எதிர்வீடோ மேற்கு நோக்கியது. அங்குச் சாய்ப்பு இறக்கினால் ஆகாதோ என்று வினவலாம். நாழிகைக்கு நாழிகை கணக்கு வேறு. பங்குனி மாதத்து இரண்டு மணி வெயிலுக்குச் சாய்ப்பு ஓரடி நீண்டால் சுவரில் நிழல் ஒன்றரை அடிக்குமேல் இறங்கும்; நான்கு மணிக்கு அதே ஓரடி அரையடி நிழலே தரும். மக்கள் திண்ணையை நாடும் வேளையோ நான்கு மணி. மூங்கில் தட்டியோ ஒரு வேப்பமரமோ இன்றி மேற்குத் திண்ணை மாலையில் பயன்படாது. இதனாலேயே எம் தெருவில் காலையில் இப்பக்கத்தார் அப்பக்கத் திண்ணைக்கும், மாலையில் அப்பக்கத்தார் இப்பக்கத்திற்கும் சென்றமர்வது முன்னாளைய வழக்கம். யார் வீட்டுத் திண்ணை என்பதை வெயிலும் தீர்மானித்தது.

நிற்க. தந்தையாரின் மறுப்புகள் வலியற்றவை அல்ல. காரைத் தெருவில் நிறுத்தல் இயலாது. இரவில் குடித்தவர் எவரேனும் வந்து படுத்தால் என் செய்வது? தெருநாய்கள்? அன்றியும், இக்காலத்து விதிப்படி வீட்டின் முன் இடம் விட்டே கட்டல்வேண்டும். பழைய திண்ணையைப்போல் தெருவோரத்திலேயே அமைக்க எமக்கு உரிமையில்லை. ஐந்தடி விடுக என்றார் எமது வரைபடம் வரைந்த பொறியாளர்.

முகப்பு 25 அடி. சுவர்கள் நீங்கலாகக் காருக்கு 9½ அடியும், நடைக்கு 4 அடியும், பெரிய திண்ணைக்கு 7½ அடியும், எதிரே ஒருவர் அமரும் சிறுதிண்ணைக்கு 3 அடியும் பகிர்ந்தோம். கம்பிக் கதவு காரின் பங்குக்கு மட்டுமே. மற்றோர் இரும்புக் கதவு நடைக்குள்ளே, திண்ணைக்குப் பின்னால் வைக்கப்பட்டது; பூட்டினாலும் திண்ணை வெளியிலேயே நிற்கும். ஐந்தடி வெற்றிடத்தில் மதில் எழுப்பவில்லை, செடியும் வைக்கவில்லை. இதற்கே யாம் பெரிதும் போராடினோம். அமர்ந்தவர்க்கும் தெருவோரத்திற்கும் இடையே ஏழடி தொலைவு இருப்பின் இயல்பான குரலில் பேசலாம். பத்தடிக்கு மேற்பட்டால் கூவவேண்டும். கூவிக் குடும்பச் செய்தி பேசுவார் எவர்? இக்காலத்தில் பழமை விரும்பிச் செல்வர் கட்டும் மாளிகைகளில் ஆளுயர மதிலுக்கு உட்புறம் அழகிய தூண்களோடு திண்ணை காண்கின்றோம். அவற்றைப் பலகை இருக்கை என்று அழைத்தல் தகும். குடித்தவர் ஒருமுறை வந்து படுத்ததும் உண்மை. விடியுமுன் எழுந்து போய்விட்டனர். தந்தையார் அதனை இன்னும் மறந்திலர்.

இனி, எம் கட்சிக்குப் பாதகமானது. கண்ணுக்குக் கண் நேராகும் என்றோமே, அவ்வுயரமே பலரைத் தாழ்த்தவும் பயன்பட்டது. எவரும் அமரலாம் என்று மேலே உரைத்ததும் முழு உண்மையன்று. தாம் அமரலாகாது என்று முன்னரே கற்பிக்கப்பட்டோர் இருந்தனர். எம் பாட்டனார் திண்ணையில் அமர்ந்து வயற்கூலி அளிப்பார். வாங்குவோர் தெருவில் நின்று வாங்குவர். காலைப்பொழுது முழுதும் திண்ணை ஆடவர்க்கே உரியது. ஆடவர் வெளியே சென்றபின், பிற்பகலில்தான் பெண்டிர் அதில் அமர்ந்தனர் என்று பாட்டியார் சொல்வர். எம் இல்லம் கிறிஸ்தவ இல்லம். ஆலயத்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றவர்கள் அந்தத் திண்ணையில் ஒருங்கே அமர்ந்ததில்லை. கட்டடக் கணக்கு இதனை மாற்றாது. படியைத் தெருவிலிருந்து நேரே வைக்கலாம், கதவை அகற்றலாம், அதற்குமேல் அளவுநாடாவுக்கு வேலையில்லை.

திண்ணை முடிந்து ஓராண்டுக்குமேல் ஆகின்றது. கீரை விற்கும் அம்மையார் நாள்தோறும் கூடையைக் குறட்டில் இறக்கி, சிறுதிண்ணையில் அமர்ந்து, பாட்டியாரோடு விலை பேசாமல் வேறெல்லாம் பேசுகின்றனர். பள்ளிச் சிறுவர் மழைக்கு ஒதுங்குகின்றனர். பாட்டனார் காலத்தில் கூலி வாங்க வந்தவரின் மகனார், இன்று அறுபதைக் கடந்தவர், திங்கள்தோறும் தேங்காய் பறிக்க வருகின்றனர். பாட்டியார், “ஏறி உட்காருங்க ஐயா” என்பர். அவர், “இருக்கட்டும் அம்மா” என்பர். இதுகாறும் அவர் அமர்ந்திலர். குறட்டில் ஒரு காலை வைத்து நின்று பேசுகின்றார்.