பெட்டி கட்டுமுன் கேளுங்கள்

டோஹாவில் வீட்டு வேலை செய்யும் எங்கள் அட்டாளைச்சேனைப் பெண் ஒருத்தி, ஊருக்கு வருமுன் விமானச் சரக்கில் பெட்டி அனுப்பப் போவதாகத் தொலைபேசியில் சொன்னாள். பெட்டிக்குள் சார்ஜ் பண்ணும் விளக்கு ஒன்று, பவர் பேங்க் ஒன்று, ஸ்பிரே வாசனைத் திரவியம் நான்கு போத்தல்.

"சரக்குக்காரரிடம் என்ன சொன்னீங்க மகள்?"

"வீட்டுச் சாமான் என்டு சொன்னன் ராத்தா. பிரச்சினையில்லையாம்."

இங்கேதான் கவனம் வேண்டும் சகோதரிகளே. "வீட்டுச் சாமான்" என்றால் எவரும் சரி என்றுதான் சொல்வார்கள். பிறகு எக்ஸ்ரேயில் பற்றரி தெரிந்தால் பெட்டி நின்றுவிடும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயிலிருந்து புறப்பட்ட சரக்கு விமானமொன்றில், லித்தியம் பற்றரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்து விமானம் விழுந்தது. விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

ஆகவே ஒவ்வொரு சாமானையும் பெயர் சொல்லிக் கேட்கச் சொன்னேன். பற்றரி லித்தியமா, அது சாமானுக்குள் பூட்டியிருக்கிறதா, தனியாக இருக்கிறதா, எத்தனை வாட் அவர் என்று சொல்ல வேண்டும். இவற்றை நம்மிடம் திருப்பிக் கேட்கும் சரக்குக்காரர்தான் தொழில் தெரிந்தவர்.

பவர் பேங்க் தனிப் பற்றரியாகவே கணக்கு. தனி லித்தியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடை. அவளுடையதில் 20,000 மில்லியம்ப் அவர் என்று மட்டும் இருந்தது. அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் பிரித்தால் 74 வாட் அவர். 100க்கு உட்பட்டதால் கைப்பையில் கொண்டுவரலாம். ஏற்றும் பெட்டியில் வைக்கக்கூடாது.

விளக்கு வேறு கதை. பற்றரி உள்ளே பூட்டியிருப்பதாலும் சிறியதாக இருப்பதாலும் பெரிய பத்திரம் தேவைப்படாது. ஆனாலும் விபரத்தைச் சரக்குச் சீட்டில் எழுத வேண்டும். சுவிட்ச் தானாக எரியாதபடி கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் இதையும் ஏற்பதில்லை, அதனால் விளக்கின் அடியிலுள்ள ஒட்டியைப் படமெடுத்து அனுப்பிக் கேட்பது நல்லது.

ஸ்பிரேயில் இருப்பது அற்ககோல், எளிதில் தீப்பற்றும் திரவம். சரக்காகப் போனால் ஆபத்தான பொருள் பிரகடனம் வேண்டும். அதில் கையெழுத்திட அதற்கான பயிற்சி பெற்றிருக்க வேண்டும், வீட்டுப் பெண்ணால் முடியாது. ஆனால் பயணி தன் ஏற்றும் பெட்டியில் போத்தலுக்கு அரை லீற்றர், மொத்தம் 2 லீற்றர் வரை கொண்டுவரலாம். தேங்காயெண்ணெய், தேன் போன்றவை இந்தக் கணக்கில் வராது, ஒழுகாமல் கட்டினால் போதும்.

மறுநாள் அவள் படத்தோடு கேட்டாள். விளக்குக்குச் சம்மதம் எழுத்தில் வந்தது. அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காமல் வைக்கச் சொன்னேன். பவர் பேங்க் அவள் கைப்பையிலும், போத்தல்கள் அவள் பெட்டியிலும் வந்து சேர்ந்தன.